பணக் கணக்கு சரி, சரக்கு மட்டும் குறைகிறது: கவுன்டருக்கும் ஈ.ஆர்.பி.க்கும் நடுவில் என்ன நடக்கிறது?

சரக்குக்கணக்கு | மார்ச் 3, இரவு 9.40

எங்களுக்கு 38 கிளைகள். கிளைக்கு இரண்டு முதல் ஐந்து பில்லிங் கவுன்டர். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவுன்டர் பில் போடும், போட்டதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 100 பில் சேர்ந்ததும் ஒரு பேட்ச்சாகத் தலைமை அலுவலக ஈ.ஆர்.பி.க்கு அனுப்பும். கடை மூடும்போது மிச்சத்தையும் அனுப்பிவிட்டு நாள் முடிவு அறிக்கை எடுப்பார்கள்.

ஆறு வாரமாக ஒரு தலைவலி. கிளையின் நாள் முடிவுத் தொகையும் ஈ.ஆர்.பி.யில் இருக்கும் விற்பனைத் தொகையும் ஒவ்வொரு நாளும் பைசா பிசகாமல் ஒத்துப்போகின்றன. ஆனால் சரக்கு இருப்பு மட்டும் ஈ.ஆர்.பி.யில் குறைவாகக் காட்டுகிறது. எப்போதும் குறைவுதான், ஒரு நாளும் அதிகமாகக் காட்டியதில்லை. அதுவும் எல்லாக் கிளையிலும் இல்லை, ஏழு கிளைகளில் மட்டும். திருட்டு என்றால் அலமாரியில் குறைய வேண்டும். இங்கே சரக்கு அலமாரியில் இருக்கிறது, கணினிதான் இல்லை என்கிறது. அதை நம்பித் தானியங்கி இண்டென்ட் மேலும் மேலும் சரக்கு அனுப்புகிறது. 17-ஆம் கிளையில் பேட்டரிப் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் நடைபாதையில் அடுக்கியிருக்கிறார்கள்.

என் ஊகம்: பெட்டிக் கணக்கு, தனி எண்ணிக்கைக் கணக்கு இரண்டும் எங்கோ குழம்புகின்றன. ஒன்று விற்றால் ஒரு பெட்டி கழிகிறது. வேறு யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

கடைமேலாளர் | மார்ச் 3, இரவு 10.15

பத்து வருடம் கடை நடத்தியவன் சொல்கிறேன், இது உள்வரவு போடாத கேஸ். குடோனிலிருந்து வண்டி வரும், பையன்கள் சரக்கை இறக்கி அலமாரியில் அடுக்கிவிடுவார்கள், உள்வரவுப் பதிவு மறுநாள்தான். சில நேரம் மறந்தே போகும். அப்போது சரக்கு கடையில் இருக்கும், கணினியில் இருக்காது. நீங்கள் சொல்கிற அடையாளம் அப்படியே பொருந்துகிறது. மாதம் ஒரு முறை சரக்கை எண்ணி, வித்தியாசத்தைத் திருத்திவிட்டுப் போங்கள்.

ரோல்பேப்பர் | மார்ச் 3, இரவு 11.02

எங்கள் கடையிலும் இரட்டைப் பில் தொல்லை இருந்தது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருக்கும். கேஷியர் பட்டனை அழுத்துவார், ஒன்றும் வெளியே வராது. பில் ஆகவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்து புதிதாக ஒரு பில் போடுவார். முதல் பில் உள்ளே பதிவாகியே இருக்கும். பேப்பர் தீரும் முன்பே எச்சரிக்கும் பிரிண்டர் வாங்கிய பிறகு நின்றது. உங்கள் பிரிண்டர் எந்த மாடல்?

சரக்குக்கணக்கு | மார்ச் 4, காலை 8.20

கடைமேலாளர் சார், உள்வரவை நேற்றே பார்த்தேன். குடோனிலிருந்து கிளம்பி இன்னும் உள்வரவு ஆகாமல் நிற்கும் பதிவு அந்த ஏழு கிளைகளிலும் ஒன்றுகூட இல்லை. அதனால் அது காரணம் இல்லை.

ரோல்பேப்பர், எங்களுக்கு இரட்டைப் பில் கிடையாது. இரட்டைப் பில் இருந்தால் தொகையும் கூடியிருக்குமே. எங்கள் தொகை சரியாகத்தான் இருக்கிறது.

பெட்டிக் கணக்கு ஊகத்தை நானே கைவிடுகிறேன். பெட்டியே இல்லாமல் ஒற்றையாக விற்கும் பொருள்களும் குறைந்திருக்கின்றன.

பழையகை | மார்ச் 4, காலை 10.45

ரோல்பேப்பர் சொன்னது வேறு பிரச்சினை. ஆனால் அதன் வடிவத்தை விட்டுவிடாதீர்கள். போனது தெரியாததால் மறுபடி அனுப்புவது. கேஷியர் செய்ததை உங்கள் கவுன்டர் மென்பொருளும் செய்யலாம்.

தொகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வரிகளை எண்ணுங்கள். ஒரு கிளை, ஒரு கவுன்டர், ஒரு நாள். கவுன்டரில் பதிவான பில்களில் மொத்தம் எத்தனை பொருள் வரி? அதே நாளுக்கு ஈ.ஆர்.பி.யின் சரக்குப் பேரேட்டில் எத்தனை விற்பனை வரி? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். விற்பனைத் தொகை ஈ.ஆர்.பி.க்குள் எப்படிப் போகிறது? பில் பில்லாகக் கூட்டப்படுகிறதா, அல்லது கவுன்டர் 'இந்த நாளின் மொத்தம் இவ்வளவு' என்று சொல்ல, ஈ.ஆர்.பி. பழைய மொத்தத்தை அழித்துப் புதியதை எழுதுகிறதா?

சரக்குக்கணக்கு | மார்ச் 5, இரவு 12.30

தூக்கம் போனாலும் பரவாயில்லை, பிடித்துவிட்டேன்.

17-ஆம் கிளை, இரண்டாம் கவுன்டர், பிப்ரவரி 24. அன்று 312 பில். நூறு நூறாக மூன்று பேட்ச், கடைசியில் 12 பில்லுக்கு ஒன்று. கவுன்டரில் 985 பொருள் வரிகள். ஈ.ஆர்.பி. சரக்குப் பேரேட்டில் 1,303. அதிகம் 318. இரண்டாவது பேட்ச்சில் எத்தனை வரி என்று எண்ணினேன். சரியாக 318.

லாக் இப்படிச் சொல்கிறது. இரண்டாவது பேட்ச்சைக் கவுன்டர் அனுப்பிய நேரம் 18:42:07. பதிலுக்கு 30 விநாடி காத்திருந்தது, வரவில்லை, 18:42:37-க்குத் தோல்வி என்று குறித்துக்கொண்டது. ஆனால் ஈ.ஆர்.பி. அந்த வேலையைக் கைவிடவில்லை. மெதுவாகச் செய்து 18:42:48-க்கு எழுதி முடித்துவிட்டது. கவுன்டருக்கு அது தெரியாது. ஒரு நிமிடம் கழித்து 18:43:37-க்கு அதே 100 பில்லை மறுபடி அனுப்பியது. இந்த முறை இரண்டே விநாடியில் பதில். இரண்டு பக்கமும் வெற்றி என்று எழுதிக்கொண்டன.

பேட்டரியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். காலையில் இருப்பு 120. கிளை முழுவதும் அன்று விற்றது 34. மிச்சம் 86 இருக்க வேண்டும், அலமாரியிலும் 86 இருந்திருக்கும். அந்த 34-இல் 6 இந்த இரண்டாவது பேட்ச்சில் விற்றவை. அவை இரண்டு முறை கழிந்ததால் ஈ.ஆர்.பி.யில் 80.

பழையகை கேட்ட இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சோடும் கவுன்டர் அந்த நேரம் வரையிலான மொத்தத் தொகையை அனுப்புகிறது. ஈ.ஆர்.பி. அதைப் பழையதன் மேல் எழுதுகிறது. எத்தனை முறை எழுதினாலும் தொகை அதேதான். சரக்கோ வரி வரியாகக் கழிகிறது. இரண்டு முறை வந்தால் இரண்டு முறை கழியும். ஆறு வாரம் நான் தொகை ஒத்துப்போகிறது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த ஒப்பீடு இந்தப் பிழையைக் காட்டவே முடியாத ஒப்பீடு.

சரக்குக்கணக்கு | மார்ச் 5, காலை 9.10

ஏழு கிளைகளில் மட்டும் ஏன் என்பதும் தெரிந்துவிட்டது. மாலை 6.30-க்குத் தானியங்கி இண்டென்ட் கணக்கு ஓடுகிறது. அந்த இருபது நிமிடம் ஈ.ஆர்.பி. திணறுகிறது. அந்த நேரத்தில் நூறாவது பில்லைத் தொடும் அளவுக்குக் கூட்டம் உள்ள கிளைகள் இந்த ஏழுதான். மற்றவை கடை மூடும்போது அனுப்புகின்றன, அப்போது சர்வர் சும்மா இருக்கிறது.

நெட்பக்கம் | மார்ச் 5, காலை 9.48

அப்படியானால் வேலை சுலபம். காத்திருக்கும் நேரத்தை 30-இலிருந்து 120 விநாடி ஆக்குங்கள், இண்டென்ட் ஓட்டத்தை நள்ளிரவுக்கு மாற்றுங்கள். முடிந்தது.

பழையகை | மார்ச் 5, பகல் 1.05

இரண்டையும் செய்யலாம், குறையும். நிற்காது. ஈ.ஆர்.பி. எழுதி முடித்த பிறகு, பதில் கவுன்டருக்கு வந்து சேரும் முன் லைன் அறுந்தால் என்ன செய்வீர்கள்? 120 விநாடி காத்திருந்தாலும் பதில் வராது. கவுன்டர் மறுபடி அனுப்பத்தான் வேண்டும். அனுப்பாமல் விட்டால் உண்மையிலேயே போய்ச் சேராத பேட்ச் தொலைந்துவிடும். மறுபடி அனுப்புவது தப்பே இல்லை. மறுபடி வந்தது என்று ஈ.ஆர்.பி.க்குத் தெரியாததுதான் தப்பு.

சரக்குக்கணக்கு, உங்கள் பேட்ச் எண் எப்போது உருவாகிறது? பேட்ச் கட்டும்போதா, அனுப்பும்போதா?

சரக்குக்கணக்கு | மார்ச் 5, பகல் 2.30

அனுப்பும்போது. அதனால் இரண்டாம் முறை அதே 100 பில்லுக்கு வேறு எண். ஈ.ஆர்.பி. பேட்ச் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறது, பார்த்தும் பயனில்லை.

பழையகை | மார்ச் 5, பகல் 2.52

அதேதான். பேட்ச்சை நம்பவே வேண்டாம். அது வெறும் மூட்டை, வழியில் பிரித்துக் கட்டலாம். உள்ளே இருக்கும் வரிக்குத்தான் அடையாளம் வேண்டும். கிளை, கவுன்டர், பில் எண், வரி எண். இந்த நான்கும் பில் போட்ட நொடியிலேயே கவுன்டரில் முடிவாகிவிடுகின்றன, எத்தனை முறை அனுப்பினாலும் மாறாது. அதையே டேட்டாபேஸில் தனித்துவ இண்டெக்ஸ் ஆக்குங்கள். புரோகிராமில் 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று தேடிப் பார்த்து எழுதுவதை நம்பாதீர்கள். உங்கள் கேஸில் இரண்டாவது முயற்சி ஒரு 50 விநாடி முன்னதாக வந்திருந்தால், முதல் முயற்சி இன்னும் எழுதி முடித்திருக்காது. தேடினால் 'இல்லை' என்றுதான் வரும்.

ஏற்கெனவே இருக்கும் வரி மறுபடி வந்தால் பிழை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 'கிடைத்தது' என்றே பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கவுன்டர் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அடுத்த பேட்ச்கள் அதன் பின்னால் நிற்கும்.

சரக்குக்கணக்கு | மார்ச் 6, இரவு 8.15

இண்டெக்ஸ் போடப் போனேன், டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. காரணம் நியாயமானது, பழைய இரட்டை வரிகள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றை அழிக்கக் கணக்குப் பிரிவு விடாது. பேரேட்டு வரியை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும் என்கிறார்கள். அது சரிதான். ஆனால் எதிர்ப்பதிவு போட்டாலும் பழைய வரி அங்கேயே இருக்கும். அதனால் நாளை முதல் வரும் விற்பனைக்கு மட்டும் பொருந்தும்படி போட்டேன்.

```sql
CREATE UNIQUE INDEX uq_sale_line
ON stock_move (branch_id, till_id, bill_no, line_no)
WHERE move_type = 'SALE'
  AND business_date >= '2025-03-07';
```

எங்களுடையது போஸ்ட்கிரெஸ், அதனால் எழுதும் இடத்தில் `ON CONFLICT DO NOTHING` சேர்த்தால் போதுமாக இருந்தது.

பழையகை | மார்ச் 6, இரவு 8.40

7-ஆம் தேதிக்கு முந்தைய பில் ஏதாவது கவுன்டரில் தேங்கி நின்றால் அதற்கு இந்தக் காவல் கிடையாது. இன்றிரவே எல்லாக் கவுன்டரிலும் வரிசை காலியா என்று பார்த்துவிடுங்கள்.

சரக்குக்கணக்கு | மார்ச் 6, இரவு 11.20

பார்த்துவிட்டேன். இரண்டு கவுன்டர் பாக்கி இருந்தன, ஆளை எழுப்பி அனுப்ப வைத்தேன்.

சரக்குக்கணக்கு | மார்ச் 13, மாலை 5.50

ஒரு வாரம் நன்றாக ஓடியது. இன்று புதிய பிழை, அதுவும் நான் போட்ட இண்டெக்ஸால் வந்தது. மேலே எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து இதையும் படியுங்கள்.

22-ஆம் கிளையில் இருப்பு இப்போது அலமாரியைவிட அதிகமாகக் காட்டுகிறது. முதல் முறையாக எதிர்ப்பக்கம். 12-ஆம் தேதி காலை அங்கே முதல் கவுன்டரின் டிஸ்க் பழுதாகி, வேறு கணினி வைத்து மென்பொருளைப் புதிதாக நிறுவியிருக்கிறார்கள். அதே கவுன்டர் எண்தான் கொடுத்தார்கள். பில் எண்ணை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்ல வேண்டும், அதைச் செய்யவில்லை. இந்தக் கவுன்டருக்கு 7-ஆம் தேதிதான் புது வரிசை தொடங்கியிருந்தது. அதனால் 1-இலிருந்து வந்த பில் எண்கள் எல்லாம் ஏற்கெனவே இருப்பவை. ஈ.ஆர்.பி. 'இவை என்னிடம் இருக்கின்றன' என்று 41 பில்லை ஓசையில்லாமல் ஒதுக்கித் தள்ளிவிட்டது. கவுன்டருக்கு 'கிடைத்தது' என்று பதிலும் சொல்லிவிட்டது. தொகை தனி வழியில் போவதால், வழக்கம்போல, தொகை சரி.

இரட்டிப்பு குறையாகத் தெரிந்தது, எண்ணிப் பிடித்தோம். ஒதுக்கித் தள்ளியது அதைவிடப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஈ.ஆர்.பி. பக்கம் அந்த 41 பில்லின் சுவடே இல்லை. பில்கள் கவுன்டரில் இன்னும் இருந்ததால் மீட்டேன்.

பழையகை | மார்ச் 13, இரவு 7.30

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் கவனக்குறைவு, மன்னியுங்கள்.

இரண்டு மாற்றம் தேவை. ஒன்று, அடையாளத்தில் ஐந்தாவதாக ஒரு நிறுவல் எண் சேருங்கள். கவுன்டரை ஒவ்வொரு முறை புதிதாக நிறுவும்போதும் தலைமை அலுவலகம் ஒரு புது எண் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் கவுன்டர் பில் போடத் தொடங்கவே கூடாது. இரண்டு, ஒரே அடையாளத்தில் வரி மறுபடி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளாதீர்கள். பொருள் குறியீடு, எண்ணிக்கை, பில் நேரம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். அப்படியே இருந்தால் அது மறு அனுப்பல், தள்ளலாம். ஒன்று மாறினாலும் அது வேறு பில். அதைத் தனிப் பட்டியலில் நிறுத்தி ஒரு மனிதர் பார்க்கும்படி செய்யுங்கள்.

கடைமேலாளர் | மார்ச் 14, காலை 7.55

இதெல்லாம் சரி. பழைய ஆறு வாரத் தப்பை எப்படிச் சரி செய்யப் போகிறீர்கள்? நான் முதலில் சொன்னதுதான், எண்ணுங்கள். எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும்.

சரக்குக்கணக்கு | மார்ச் 14, பகல் 12.10

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒன்று உறைத்தது. கடையில் மாலை 4 மணிக்கு ஒரு பொருள் 50 இருக்கிறது என்று எண்ணி, ஈ.ஆர்.பி.யில் 50 என்று திருத்துகிறோம். ஆனால் மதியம் விற்ற 3, இன்னும் 100 பில் சேராததால் கவுன்டரிலேயே இருக்கிறது. 5 மணிக்கு அந்தப் பேட்ச் போகும், 50 என்பது 47 ஆகும். அலமாரியில் 50. எண்ணியதே பிழையை உண்டாக்கிவிட்டது. எண்ணும் முன் அந்தக் கிளையின் எல்லாக் கவுன்டரும் பாக்கியை அனுப்பி முடித்திருக்க வேண்டும். எண்ணும் நேரத்தில் விற்பனையும் நிற்க வேண்டும். கடை திறக்கும் முன் எண்ணுவது ஒன்றுதான் எங்களுக்கு நடைமுறையில் சரிப்படுகிறது.

அதனால் எண்ணிக்கை வேண்டாம், எந்தெந்த வரி இரட்டிப்பு என்று துல்லியமாகத் தெரிகிறதே, அவற்றுக்கு மட்டும் எதிர்ப்பதிவு போடலாம் என்று முடிவெடுத்தேன். பட்டியல் எடுக்கும் கொயரி:

```sql
SELECT branch_id, till_id, bill_no, line_no, COUNT(*)
FROM stock_move
WHERE move_type = 'SALE'
  AND business_date BETWEEN '2025-01-20' AND '2025-03-06'
GROUP BY branch_id, till_id, bill_no, line_no
HAVING COUNT(*) > 1;
```

கடைமேலாளர் | மார்ச் 14, பகல் 12.45

ஒரு நிமிடம். நடுவில் எந்தக் கிளையாவது தானாகவே எண்ணித் திருத்தியிருந்தால்? நாங்கள் எல்லாம் வித்தியாசம் கண்ணில் பட்டால் யாரையும் கேட்காமல் திருத்திவிடுவோம். அதன் மேல் நீங்கள் எதிர்ப்பதிவும் போட்டால் இரண்டு முறை கூடிவிடுமே.

சரக்குக்கணக்கு | மார்ச் 14, மாலை 4.20

சார், கும்பிடுகிறேன். 17-ஆம் கிளை மார்ச் 1 காலையில் பேட்டரி உட்பட 60 பொருள்களை எண்ணித் திருத்தியிருக்கிறது. பிப்ரவரி 24-இன் அந்த 6 பேட்டரிக்கு நான் இப்போது எதிர்ப்பதிவு போட்டிருந்தால் ஈ.ஆர்.பி.யில் இல்லாத 6 பேட்டரி முளைத்திருக்கும். பொருள்வாரியாக, கிளைவாரியாகக் கடைசி எண்ணிக்கைத் தேதியைத் தேடி, அதற்குப் பிறகு வந்த இரட்டிப்புக்கு மட்டும் எதிர்ப்பதிவு என்று மாற்றிவிட்டேன். பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

கணக்குமேசை | மார்ச் 15, காலை 10.30

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பதிவுக்கு எந்தத் தேதி போடப் போகிறீர்கள்? பிப்ரவரி கணக்கு மூடியாயிற்று. மார்ச் தேதியில் போட்டால் விற்ற சரக்கின் அடக்கவிலை பிப்ரவரியில் அதிகமாகவும் மார்ச்சில் குறைவாகவும் நிற்கும். லாபம் மாதம் தாண்டி நகர்ந்துவிடும். தொகை சரி என்று நீங்கள் சொன்னது விற்பனைத் தொகை மட்டும்தான். இரட்டிப்பாகக் கழிந்த ஒவ்வொரு வரியும் அடக்கவிலையிலும் இரட்டிப்பாகத்தான் ஏறியிருக்கும்.

சரக்குக்கணக்கு | மார்ச் 15, காலை 11.15

அது எனக்கு உறைக்கவே இல்லை. பொருள் வரியின் தேதியிலேயே போட்டால் இண்டென்ட் கணக்குக்குப் பழைய விற்பனை வேகம் சரியாகக் கிடைக்கும், நான் அதைத்தான் விரும்புகிறேன். மூடிய மாதத்தைத் திறக்க முடியாது என்றால் மார்ச் தேதிதான், ஆனால் அப்போது இண்டென்ட்டுக்கு மூல பில் தேதியைத் தனிக் கட்டத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

கணக்குமேசை | மார்ச் 15, பகல் 12.02

திறக்க விட மாட்டேன். எங்கள் இடத்தில் நான் விடவில்லை.

பழையகை | மார்ச் 15, பகல் 1.20

நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டிலும் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்வார். தொகை பெரிதா சிறிதா என்று பார்த்து உங்கள் கணக்குப் பிரிவே முடிவெடுக்கட்டும்.

சரக்குக்கணக்கு | மார்ச் 18, காலை 8.05

தேதி விஷயம் இன்னும் எங்கள் அலுவலகத்தில் பேச்சில்தான் இருக்கிறது. அதுவரை எதிர்ப்பதிவு நிற்கிறது. இண்டென்ட் தவறாக ஓடக் கூடாது என்பதால் ஏழு கிளைகளுக்கும் அந்தப் பொருள்களைக் கையால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நிறுவல் எண்ணும் ஒப்பீடும் நேற்று முதல் ஓடுகின்றன. நாள் முடிவில் ஒவ்வொரு கவுன்டரும் தொகையோடு சேர்த்து, முதல் பில் எண், கடைசி பில் எண், பொருள் வரிகளின் எண்ணிக்கை மூன்றையும் தனியாக அனுப்புகிறது. காலை 6 மணிக்கு ஈ.ஆர்.பி. தன் பேரேட்டோடு அதை ஒப்பிடுகிறது. இன்று 37 கிளைகளில் வித்தியாசம் பூஜ்யம். 9-ஆம் கிளை மூன்றாம் கவுன்டரில் மட்டும் 2 வரி குறைவு, பில் எண்களில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, திறந்ததும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.